சரண்டர் செய்தால் ஏன் பாதிதான் கைக்கு வருகிறது?

ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிகளில் ஆர்டர் குறைந்தால், வீட்டுச் செலவில் முதலில் வெட்டப்படுபவற்றில் ஒன்று இன்சூரன்ஸ் பிரீமியம். வாடகையையும் பள்ளிக் கட்டணத்தையும் தள்ளிப்போட முடியாது. பாலிசியை நிறுத்தினால் மறுநாள் யாரும் கதவைத் தட்டப்போவதில்லை. அதனால் பாலிசியைச் சரண்டர் செய்து, அதாவது நடுவிலேயே ஒப்படைத்துவிட்டு, கட்டிய பணத்தையாவது வாங்கலாம் என்று கிளை அலுவலகத்துக்குப் போகிறார்கள். அங்கே சொல்லும் தொகையைக் கேட்டதும் அதிர்ச்சி. "இத்தனை வருஷம் உங்களுக்கு ரிஸ்க் கவர் இருந்ததில்ல, அதுக்குப் போயிடுச்சு" என்று ஒரு விளக்கமும் கிடைக்கும். அந்த விளக்கத்தில் உண்மை மிகக் குறைவு. பணம் போன வழி வேறு.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஆம்பூரில் ஷூ மேல்பாகம் தைக்கும் 30 வயதுப் பெண் ஒருவர், 5 லட்ச ரூபாய்க்கு, இடையில் இறந்தாலும் கடைசிவரை இருந்தாலும் பணம் தரும் 20 வருட எண்டோமென்ட் பாலிசி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடப் பிரீமியம் 25,000 ரூபாய். காப்பீட்டுத் தொகையில் ஆயிரத்துக்கு 40 ரூபாய் போனஸ் என்றால் வருடத்துக்கு 20,000 ரூபாய் அவர் கணக்கில் சேரும். நான்கு பிரீமியம் கட்டியாயிற்று, மொத்தம் 1 லட்சம். இதையே வங்கியில் ஆறரை சதவீத வட்டியில் போட்டிருந்தால் நான்காம் வருட முடிவில் சுமார் 1,17,000 ரூபாய் இருந்திருக்கும்.

இப்போது அவர் நிறுத்துகிறார். 20 பிரீமியம் கட்டினால் 5 லட்சம் என்பதுதான் கம்பெனியின் வாக்கு. நான்கு கட்டியிருப்பதால் அந்த வாக்கு இருபதில் நான்கு பங்காகச் சுருங்குகிறது, அதாவது 1 லட்சம். இதுவரை சேர்ந்த போனஸ் 80,000. இரண்டையும் சேர்த்தால் 1,80,000 ரூபாய். இதற்குப் பெயர் பெயிட்-அப் மதிப்பு. இதுவரைக்கும் நஷ்டம் எதுவும் தெரியவில்லை. ஆனால் இந்த 1,80,000 இன்றைக்குத் தரவேண்டிய பணம் அல்ல. இன்னும் 16 வருடம் கழித்து, பாலிசி முதிரும் தேதியில் தரவேண்டிய பணம்.

சரண்டர் என்பது அந்தப் பணத்தை இன்றைக்கே கேட்பது. பின்தேதியிட்ட செக்கைக் கழிவுக்கு மாற்றும் வியாபாரிகளுக்கு இது உடனே புரியும். செக்கில் எழுதிய தொகை ஒன்று, இன்று கையில் வருவது இன்னொன்று. தேதி எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு கழிவு. இங்கே செக் 16 வருடம் தள்ளி இருக்கிறது. ஏழரை சதவீதத்தில் 16 வருடத்தில் ஒரு ரூபாய் 3 ரூபாய் 18 காசாக வளரும். எனவே 1,80,000 ரூபாயை 3.18 ஆல் வகுக்க வேண்டும். வருவது சுமார் 56,600 ரூபாய். இடையில் இறப்பு நேர்ந்தால் பணம் முன்கூட்டியே கொடுக்கவேண்டி வரும் என்பதால் உண்மைத் தொகை இதைவிடக் கொஞ்சம் கூடும். இதுதான் சிறப்பு சரண்டர் மதிப்பு.

இதைத் தவிர உறுதி செய்யப்பட்ட சரண்டர் மதிப்பு என்று ஒன்று உண்டு. அதில் நாலாவதிலிருந்து ஏழாவது பாலிசி ஆண்டு வரை, கட்டிய பிரீமியத்தில் குறைந்தது பாதி தரவேண்டும். அதோடு சேர்ந்த போனஸில் ஒரு சிறு பங்கும் உண்டு. பாலிசிப் பத்திரத்தில் இருக்கும் அட்டவணையில் அந்தப் பங்கு 15 சதவீதம் என்றால் 50,000 + 12,000, ஆக 62,000 ரூபாய். இரண்டு மதிப்புகளில் எது கூடுதலோ அதைத்தான் தருவார்கள். நம் ஆம்பூர்ப் பெண்ணுக்குக் கிடைப்பது 62,000. ஜிஎஸ்டி இருந்த காலத்தில் பிரீமியத்தோடு கட்டிய வரி இந்தக் கணக்கில் சேராது.

சரி, 1,17,000 ஆகியிருக்க வேண்டிய பணம் 62,000 ஆனது எப்படி? முதலில் அந்த ரிஸ்க் கவரைப் பார்ப்போம். 30 வயதில் ஒரு வருடத்துக்குள் இறப்பவர்கள், இந்தியக் காப்பீட்டு இறப்பு அட்டவணைப்படி, ஆயிரத்துக்கு ஏறக்குறைய ஒருவர். 5 லட்சத்துக்கு அந்த அபாயத்தின் விலை வருடத்துக்கு சுமார் 500 ரூபாய்தான். நான்கு வருடத்துக்கு 2,000. காணாமல் போன தொகையில் இது ஒரு சின்னத் துணுக்கு. இறந்தால் மட்டும் பணம் தரும் டெர்ம் பாலிசி அவ்வளவு மலிவாக இருப்பதும் இதனால்தான்.

பெரிய துண்டு விற்பனைச் செலவு. இந்த மாதிரி நீண்டகாலப் பாலிசிகளில் முதல் வருடப் பிரீமியத்தில் 35 சதவீதம் வரை, அடுத்த இரண்டு வருடம் ஏழரை, அதன் பிறகு 5 சதவீதம் என்று கமிஷனுக்கு நெடுங்காலம் உச்சவரம்பு இருந்தது. அந்த வரம்பில் கணக்கிட்டால் நான்கு வருடத்தில் 13,750 ரூபாய். அதில் 8,750 முதல் வருடத்திலேயே போய்விடுகிறது. மருத்துவப் பரிசோதனை, முத்திரைத்தாள், அலுவலகச் செலவு எல்லாமும் அதேபோல் ஆரம்பத்தில்தான் குவிகின்றன. 20 வருடப் பிரீமியத்தில் பரவலாக ஈடுகட்ட நினைத்த செலவை, நான்காம் வருடத்தில் விலகுகிறவர் மேல் ஒரே அடியாக ஏற்றிவிடுகிறார்கள். மிச்சம் இருக்கும் வித்தியாசம் கழிவு விகிதத்தில் போகிறது. விலகுகிறவர் விட்டுச்செல்வது, போனஸ் பிரிக்கப்படும் அந்த நிதியில், கடைசிவரை இருப்பவர்களுக்குச் சாதகமாகத் தங்குகிறது. நடுவில் சம்பளம் நின்றுபோகும் தொழிலாளி, நிரந்தர வருமானம் உள்ளவரின் முதிர்வுத் தொகைக்குப் பங்களிக்கிறார் என்பதே இதன் பொருள். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

முன்பு நிலைமை இன்னும் மோசம். 1844-இல் லண்டன் போன எலிசூர் ரைட் என்ற அமெரிக்கர், பிரீமியம் கட்ட முடியாமல் போன முதியவர்களின் பாலிசிகள் ஏலம் விடப்படுவதைப் பார்த்தார். பாலிசிக்காரர் எவ்வளவு சீக்கிரம் இறப்பார் என்று கணித்து ஏலம் கேட்டார்கள். கம்பெனி நியாயமான தொகை திருப்பித் தராததால் அந்த முதியவர்களுக்கு வேறு வழி இல்லை. ரைட்டின் முயற்சியால் 1861-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், நிறுத்திய பாலிசியின் மதிப்பு முழுதும் பறிபோகக் கூடாது என்று சட்டம் வந்தது. இந்தியாவில் பல காலம் மூன்று வருடப் பிரீமியம் கட்டினால்தான் சரண்டர் மதிப்பு. இரண்டு வருடம் கட்டி நிறுத்தியவர்களுக்கு ஒரு ரூபாய்கூட வராது. காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ 2024-இல் கொண்டுவந்த விதிகள், அக்டோபர் 1 முதல் விற்ற பாலிசிகளில், ஒரு வருடப் பிரீமியம் கட்டி முதல் ஆண்டு முடிந்தாலே சிறப்பு சரண்டர் மதிப்பு உண்டு என்கின்றன. கழிவு விகிதமும் பத்தாண்டு அரசுப் பத்திரத்தின் வட்டியை விட அரை சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அரசுப் பத்திரம் 7 சதவீதம் என்று வைத்துத்தான் மேலே ஏழரை எடுத்தேன். பழைய பாலிசிகளுக்கு அவற்றின் பத்திரத்தில் உள்ள விதிகளே பொருந்தும்.

விதி மாறியும் ஆரம்ப வருட நஷ்டம் மாறவில்லை. இதே பாலிசியை ஒரே பிரீமியத்தோடு விட்டால், அந்த வருட போனஸையும் சேர்த்து 45,000 ரூபாயை 19 வருடத்துக்குக் கழிக்க வேண்டும். கட்டிய 25,000-க்குக் கிடைப்பது சுமார் 11,400. பத்தாம் வருடத்தில் கட்டியது இரண்டரை லட்சம், கிடைப்பது சுமார் 2,18,000. பன்னிரண்டாம் வருட முடிவில்தான் கட்டிய 3 லட்சமும் 3 லட்சமாகத் திரும்புகிறது, அதுவும் வட்டி இல்லாமல். செக்கின் தேதி நெருங்க நெருங்கக் கழிவு சுருங்குவதால் அதன் பிறகு மதிப்பு வேகமாக ஏறும்.

நம் பெண் என்ன செய்யலாம்? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். முழு 20 வருடமும் கட்டி 9 லட்சம் வாங்கினால், மொத்தத்தில் கிடைக்கும் வருமானம் வருடத்துக்குச் சுமார் 5.3 சதவீதம்தான். "இவ்வளவு மட்டமா, இப்பவே நிறுத்திடலாம்" என்று தோன்றும். ஆனால் முதல் நான்கு வருடத்துச் செலவு ஏற்கெனவே போய்விட்டது. இன்று அவர் கையில் உண்மையில் இருப்பது 62,000. அதை உள்ளேயே விட்டு, மீதி 16 பிரீமியமும் கட்டினால், அதே அளவு போனஸ் தொடரும் பட்சத்தில், இன்றிலிருந்து கிடைக்கும் வருமானம் சுமார் 6.7 சதவீதம். 5 லட்ச ரூபாய் கவரும் உண்டு. மட்டமான பாலிசி என்றாலும், ஆரம்ப நஷ்டத்தைத் தாங்கிய பிறகு அதில் இருப்பது அவ்வளவு மட்டம் இல்லை.

கட்டவே முடியாது என்றால் சரண்டர் செய்யாமல் பெயிட்-அப் ஆக விடலாம். பிரீமியம் கிடையாது, புது போனஸும் கிடையாது, 16 வருடம் கழித்து 1,80,000 வரும். 62,000 ரூபாய் 1,80,000 ஆவது வருடத்துக்கு 6.9 சதவீத வளர்ச்சி. இதில் வருங்கால போனஸை நம்பவேண்டிய அவசியமே இல்லை, ஏற்கெனவே சேர்ந்த போனஸைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. ஒரே குறை, இடையில் அவர் இறந்தால் குடும்பத்துக்குக் கிடைப்பது அந்த 1,80,000 மட்டும்தான். குடும்பம் அவர் சம்பளத்தில் ஓடுகிறது என்றால், ஒரு சிறிய டெர்ம் பாலிசியை முதலில் எடுத்துவிட்டு இதைப் பெயிட்-அப் ஆக்க வேண்டும்.

ஆர்டர் வந்து கம்பெனி மறுபடி கூப்பிடும் என்ற நம்பிக்கை இருந்தால், சும்மா விட்டாலும் ஐந்து வருடத்துக்குள் பாலிசியை உயிர்ப்பிக்கலாம். பாக்கிப் பிரீமியத்தை வட்டியோடு கட்டி, உடல்நலம் பற்றி எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்கிடையில் நீரிழிவோ ரத்த அழுத்தமோ வந்திருந்தால் கம்பெனி தயங்கலாம். கல்லூரிக் கட்டணத்துக்கு அவசரமாக 40,000 தேவை என்றால், சரண்டர் மதிப்பின் மேல் பாலிசிக் கடன் வாங்கலாம், பாலிசி நிற்காது. ஆனால் பிரீமியமும் நின்றுபோய், கடன் வட்டியையும் கட்டாமல் விட்டால் பாக்கி ஏறிக்கொண்டே போய் சரண்டர் மதிப்பைத் தாண்டும், அப்போது கம்பெனியே பாலிசியை முடித்துவிடும்.

இதெல்லாம் எண்டோமென்ட், மணிபேக் மாதிரிப் பாலிசிகளுக்கு. சாதாரண டெர்ம் பாலிசியில் சரண்டர் மதிப்பே இல்லை. பிரீமியத்தைச் சந்தையில் முதலீடு செய்யும் யூலிப் பாலிசியின் கணக்கு தனி, அங்கே ஐந்து வருடப் பூட்டு உண்டு.

கிளை அலுவலகத்தில் சரண்டர் தொகையை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். பெயிட்-அப் ஆக விட்டால் முதிர்வில் எவ்வளவு, இதுவரை சேர்ந்த போனஸ் எவ்வளவு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பாலிசியின் ஆண்டு தேதி பக்கத்தில் இருந்தால், அந்தத் தேதிக்கு முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று இரண்டு கணக்கும் கேளுங்கள். உறுதி செய்யப்பட்ட சரண்டர் மதிப்பு மூன்றாவது ஆண்டில் கட்டியதில் 35 சதவீதம், நான்காவதில் 50 சதவீதம். மூன்று பிரீமியமாக 75,000 கட்டியவருக்கு அந்த இரண்டு விகிதங்களுக்கும் இடையில் இருப்பது 11,250 ரூபாய்.