மளிகைச் சீட்டில் தெரியும் கொலஸ்ட்ரால்

கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது போன மாத மளிகைச் சீட்டைத்தான். "ஒரு நாளைக்கு எவ்வளவு எண்ணெய் ஊத்துவீங்க?" என்று கேட்டால் எல்லாரும் சொல்வது ஒரே பதில்: "கம்மியாதான் மேடம்." மளிகைச் சீட்டு அப்படிச் சொல்லாது.

நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, வயது நாற்பத்தாறு. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, தைராய்டும் சரியாக இருந்தது. தைராய்டு குறைந்தாலும் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் ஏறும் என்பதால் அதை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது. ரிப்போர்ட்டில் மொத்த கொலஸ்ட்ரால் 234, எல்டிஎல் 158, நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல் 52, ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 120. வீட்டில் நான்கு பேர். மாதத்துக்குத் தேங்காய் எண்ணெய் மூன்று லிட்டர், நல்லெண்ணெய் ஒரு லிட்டர், வடை அப்பளத்துக்குக் கடலை எண்ணெய் அரை லிட்டர், நெய் அரைக் கிலோ. குமரி மாவட்டத்து அடுக்களைக்கு இது சாதாரணக் கணக்குதான்.

ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம் எடை இருக்கும். எல்லாவற்றையும் கூட்டி, நான்கு பேர், முப்பது நாள் என்று வகுத்தால் தலைக்கு ஒரு நாளைக்கு 38 கிராம் வருகிறது. உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு 20 முதல் 30 கிராம் போதும். ஆனால் என்னை யோசிக்க வைத்தது மொத்த அளவு இல்லை, அதற்குள் இருக்கும் நிறைவுற்ற கொழுப்பு. ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்ளும் வேலை கல்லீரலுடையது. நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால் அந்த வேலை மந்தமாகி, எல்டிஎல் ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது.

நான்கையும் இந்த ஒரு கண்ணாடியில் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நூறு கிராமுக்குத் தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 85 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. நெய்யில் 60 சொச்சம். கடலை எண்ணெயில் 18 அளவில், நல்லெண்ணெயில் 15 அளவில். கலோரியில் நான்குக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, கிராமுக்கு ஒன்பது. பாட்டிலில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று போட்டிருப்பதை நம்பி எண்ணெய் வாங்க வேண்டாம். எந்தத் தாவர எண்ணெயிலும் சொல்லும்படி கொலஸ்ட்ரால் கிடையாது, தேங்காய் எண்ணெயிலும்தான். நெய்யில் மட்டும் கொஞ்சம் உண்டு.

அந்த அம்மாவின் கணக்குக்கு வருவோம். எண்ணெய், நெய்யிலிருந்து மட்டும் அவருக்கு நாளைக்குச் சுமார் 24 கிராம் நிறைவுற்ற கொழுப்பு போகிறது. 1,800 கலோரி சாப்பிடுபவருக்கு, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பத்து சதவீத வரம்பு 20 கிராம். பால், தேங்காய்த் துருவல், முட்டை, மீன் எல்லாம் இனிமேல்தான் கணக்கில் சேர வேண்டும்.

"நாங்க செக்குல ஆட்டுன எண்ணெய்தான் மேடம் வாங்குறோம்" என்றார். செக்கு எண்ணெயில் மணமும் வைட்டமின் ஈயும் மிஞ்சும், உண்மைதான். நல்லெண்ணெய் என்றால் எள்ளுக்கே உரிய சில காப்புப் பொருட்களும் இருக்கும். ஆனால் நிறைவுற்ற கொழுப்பின் அளவை செக்கு மாற்றாது, ரீஃபைண்டும் மாற்றாது.

அடுத்து வந்தது வாட்ஸ்அப் வாதம்: தேங்காய் எண்ணெயில் இருப்பது 'நடுத்தரச் சங்கிலி' கொழுப்பு, நேராகக் கல்லீரலுக்குப் போய் எரிந்துவிடும். தேங்காய் எண்ணெயில் பாதிக்குக் கிட்டத்தட்ட லாரிக் அமிலம். பெயரளவில் அது நடுத்தரச் சங்கிலிதான். ஆனால் உடம்புக்குள் அதன் பெரும்பகுதி மற்ற நீளமான கொழுப்புகள் போகும் நிணநீர் வழியில்தான் போகிறது. எடை குறைப்புக்குச் சொல்லப்படும் எம்சிடி எண்ணெய், அதாவது நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பைத் தனியாகப் பிரித்தெடுத்த எண்ணெய், வேறு சரக்கு. பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2020இல் வந்தது. கடலை, சூரியகாந்தி போன்ற எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லைச் சராசரியாகப் பத்துப் புள்ளி கூட்டுகிறது, எச்டிஎல்லையும் நான்கு புள்ளி கூட்டுகிறது என்பது அதன் முடிவு. "நல்ல கொலஸ்ட்ராலும் ஏறுதே" என்று சமாதானம் சொல்ல முடியாது. எச்டிஎல்லை ஏற்றும் மருந்துகள் சிலவற்றைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள், அவற்றால் மாரடைப்பு குறையவில்லை.

இதற்காக அவியலில் கடலை எண்ணெய் ஊற்றச் சொல்லும் அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை. தேங்காய் எண்ணெயின் மணம் தெரியும் இடம் எது, வெறும் கொழுப்பாக மறையும் இடம் எது என்று அவரையே பிரிக்கச் சொன்னேன். அவியலை இறக்கும்போது பச்சையாக ஊற்றும் ஒரு ஸ்பூன், தீயலுக்குத் தேங்காய் வறுப்பது: இவை இருக்கட்டும். பொரியலுக்கு வதக்குவது, குழம்புக்குத் தாளிப்பது, மீன் பொரிப்பது எல்லாம் கடலை எண்ணெய்க்கு மாறின. நல்லெண்ணெய் தோசைக்கும் புளிக்குழம்புக்கும் இட்லிப்பொடிக்கும் அப்படியே நின்றது. நெய் சோற்றுக்கு மட்டும், சின்ன ஸ்பூனால்.

வீட்டுக் குழிக்கரண்டியில் எவ்வளவு பிடிக்கும் என்று மருந்து ஸ்பூனால் தண்ணீர் ஊற்றிப் பார்க்கவும் சொன்னேன். எட்டு ஸ்பூன், அதாவது நாற்பது மில்லி பிடித்தது. ஒரு பொரியலுக்கு 'ஒரு கரண்டி' என்று அவர் ஊற்றிக்கொண்டிருந்தது அவ்வளவு!

புது மளிகைச் சீட்டு இப்படி ஆனது: தேங்காய் எண்ணெய் அரை லிட்டர், கடலை எண்ணெய் ஒன்றரை லிட்டர், நல்லெண்ணெய் ஒரு லிட்டர், நெய் கால் கிலோ. தலைக்கு மொத்தம் 25 கிராம். நிறைவுற்ற கொழுப்பு 24 கிராமிலிருந்து எட்டுக்கு இறங்கியது. பாலும் கொழுப்பு குறைந்த டோன்டு பாலாக மாறியது. மூன்று மாதம் கழித்து எல்டிஎல் 134. எல்லாருக்கும் இவ்வளவு இறங்கும் என்று சொல்ல மாட்டேன், உடம்புக்கு உடம்பு மாறும். எல்டிஎல் 190ஐத் தாண்டியவர்களுக்கும், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கும் எண்ணெய் மாற்றம் மட்டும் போதாது. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு நல்லெண்ணெய் வாங்கிக்கொண்டு போவது ஆபத்து.

நல்லெண்ணெய் என்றதும் ஒரு எச்சரிக்கை. விளக்கேற்ற விற்கும் தீப எண்ணெய் விலை மலிவு, பாட்டிலும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். அது சமையலுக்கு இல்லை. லேபிளைப் படித்து வாங்குங்கள்.

பொரித்த எண்ணெயை வடிகட்டி வைத்துத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் எந்த எண்ணெயும் கெடாமல் தப்பாது. அதிலும் நல்லெண்ணெய், கடலை எண்ணெய் போன்றவை திரும்பத் திரும்பச் சூடாவதைத் தேங்காய் எண்ணெய் அளவுக்குத் தாங்காது. நிறம் கறுத்து, பிசுபிசுத்து, அப்பளம் போட்டதும் நுரை அடங்காமல் நின்றால் அதைக் கொட்டிவிட வேண்டியதுதான். வீட்டில் கொஞ்சமாக ஊற்றிப் பொரித்து, மிஞ்சியதை ஓரிரு நாளில் தாளிப்புக்குத் தீர்த்துவிடுவது நல்லது.

அந்த அம்மாவின் கணவரும் கூடவே டெஸ்ட் எடுத்திருந்தார். எல்டிஎல் 112, எச்டிஎல் 34, டிரைகிளிசரைடு 290. "எனக்கும் இதே எண்ணெய் லிஸ்ட்தானா?" என்றார். வீட்டில் ஒரே சமையல் என்பதால் அவருக்கும் அதே எண்ணெய்தான். ஆனால் அவருடைய எண்கள் ஏறிய வழி வேறு. டிரைகிளிசரைடை இப்படி ஏற்றுவது பெரும்பாலும் சோறு, சர்க்கரை, மது, தொப்பை. மதியம் இரண்டு முறை சோறு வாங்கி, சாயங்காலம் டீயோடு பழம்பொரி, ராத்திரி மறுபடியும் சோறு என்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் எண்ணெயைப் பற்றிப் பேசி நேரத்தைக் கழிக்கவில்லை. ராத்திரிச் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் பயறும் காய்கறியும் வைக்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பாட்டிலைப் பற்றி அவர் மனைவியே பேசிக்கொண்டார்.