"ஆத்மாவுக்குச் சாவில்லை": கண்ணன் இதை யாரிடம், எப்போது சொன்னான்?

இரங்கல் செய்திகளிலும் பதினாறாம் நாள் பத்திரிகைகளிலும் கீதையின் இரண்டாம் அத்தியாயம் 20-வது சுலோகம் ஏதோ ஒரு வடிவில் வந்துவிடுகிறது. துக்கம் விசாரிக்க வருகிறவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள்: "ஆத்மாவுக்கு ஏதும்மா சாவு? அழாதே." உறவை இழந்தவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். அந்த அறையில் இந்தச் சுலோகத்தை நான் அடிக்கடி கேட்கிறேன். சிலருக்கு அது ஊன்றுகோலாக இருக்கிறது. சிலருக்கு அது வாயை அடைத்த துணி. ஏன் இப்படி இரண்டு விதமாக வேலை செய்கிறது என்பது, அது எந்த இடத்தில் சொல்லப்பட்டது என்று பார்த்தால் புரியும்.

முதலில் சுலோகம்:

"ந ஜாயதே ம்ரியதே வா கதாசித்
நாயம் பூத்வா பவிதா வா ந பூய:
அஜோ நித்ய: சாச்வதோயம் புராணோ
ந ஹன்யதே ஹன்யமானே சரீரே"

இது ஒருபோதும் பிறப்பதில்லை, இறப்பதும் இல்லை. ஒருமுறை இருந்துவிட்டு மறுபடி இல்லாமல் போவதும் இல்லை. பிறவாதது, என்றும் உள்ளது, மாறாதது, பழமையானது. உடல் கொல்லப்படும்போது இது கொல்லப்படுவதில்லை.

ஏறக்குறைய இதே வரிகள் கடோபநிடதத்திலும் உண்டு. அங்கே பேசுகிறவன் யமன், கேட்கிறவன் நசிகேதன் என்ற சிறுவன். செத்த பிறகு மனிதன் இருக்கிறானா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, யமன் வேறு என்னென்னவோ தருவதாகச் சொல்லியும் விடாமல் கேட்டவன். யாரையும் பறிகொடுத்துவிட்டு வந்து நின்றவன் அல்ல. கீதை அந்த உபதேசத்தைப் போர்க்களத்துக்குக் கொண்டு வருகிறது.

போர்க்களத்தில் அப்போது என்ன நிலைமை? இரண்டு படைக்கும் நடுவே தேர் நிற்கிறது. எதிரே பீஷ்மரும் துரோணரும் உயிரோடு நிற்கிறார்கள். இன்னும் ஒரு அம்புகூடப் பாயவில்லை. அர்ஜுனன் அழுவது இறந்தவர்களுக்காக அல்ல, தன் கையால் இறக்கப்போகிறவர்களுக்காக. காண்டீபம் கையிலிருந்து நழுவுகிறது, தேரில் உட்கார்ந்துவிடுகிறான். அவன் சொல்லும் காரணங்களைப் பிரித்தால் இரண்டு தேறும். ஒன்று, இவர்களைக் கொல்ல மனம் தாங்காது. இன்னொன்று, கொன்றால் பாவம் சேரும், குலம் அழியும். அப்புறம் "நான் உன் சீடன், எனக்கு வழி சொல்" என்று கேட்கிறான். கேட்ட பிறகுதான் கண்ணன் உபதேசிக்கத் தொடங்குகிறான். இந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. கேட்காதவனுக்கு இந்தத் தத்துவம் சொல்லப்படவில்லை.

20-வது சுலோகம் அந்த இரண்டு காரணங்களில் முதலாவதற்கான பதில். அதற்கு முந்தைய சுலோகம், "இது கொல்கிறது என்று நினைப்பவனும், கொல்லப்படுகிறது என்று நினைப்பவனும் இருவரும் அறியாதவர்கள்" என்கிறது. அடுத்த சுலோகம், "இதை அறிந்தவன் யாரைக் கொல்வான், யாரைக் கொல்விப்பான்?" என்று கேட்கிறது. ஆக, பேச்சு முழுவதும் ஒரு செயலின் வாசலில் நிற்கிறவனைப் பற்றியது. பாவம் சேருமா என்ற இரண்டாவது கேள்விக்கு இந்தச் சுலோகம் பதில் சொல்லவில்லை. அந்தப் பதில் 31-வது சுலோகத்தில், க்ஷத்திரியனின் கடமை என்று தனியாகத் தொடங்குகிறது. இதைக் கவனிக்காமல் 20-ஐ மட்டும் வெட்டி எடுத்தால் எந்தக் கொலைக்கும் சாக்கு கிடைத்துவிடும். மகாபாரதம் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. போர் முடிந்த இரவு பாசறையில் தூங்கியவர்களை வெட்டிய அசுவத்தாமனைப் பார்த்து, "பரவாயில்லை, ஆத்மா சாகாது" என்று யாரும் சொல்லவில்லை. உத்தரையின் வயிற்றிலிருந்த கருவையும் அழிக்கப் பார்த்த அவனைச் சபிப்பவன் கண்ணனேதான்.

சரி, என் தொழிலுக்கு வருகிறேன். "நீ வருந்தத் தகாது" என்று அந்தப் பகுதியில் 25, 26, 27, 30 என நான்கு சுலோகங்களில் திரும்பத் திரும்ப வருகிறதே, அதுவும் தொடக்கத்தில் 11-வது சுலோகத்திலேயே "இறந்தவர்களுக்காகவும் இருப்பவர்களுக்காகவும் அறிஞர்கள் வருந்துவதில்லை" என்று இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் 11-வது சுலோகம் அறிவு முதிர்ந்தவன் எப்படி இருப்பான் என்று காட்டுகிறது. அதைக் கேட்ட அர்ஜுனன் அன்றோடு அப்படி ஆகிவிட்டானா? இதற்குப் பாரதமே ஒரு சோதனை வைத்திருக்கிறது. துக்க வீட்டில் கீதை சொல்பவர்கள் துரோண பர்வத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

பதின்மூன்றாம் நாள் போர். வெற்றி அல்லது சாவு என்று சபதம் செய்த சம்சப்தகர்கள் அர்ஜுனனைத் தனியே இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சக்கரவியூகத்துக்குள் அபிமன்யு கொல்லப்படுகிறான். மாலையில் அர்ஜுனன் பாசறைக்குத் திரும்புகிறான். வழக்கமான வாத்தியச் சத்தம் இல்லை. வீரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நகர்கிறார்கள். தினமும் சிரித்துக்கொண்டே எதிரே வரும் மகனைக் காணோம். சகோதரர்களின் முகத்தைப் பார்த்தே அவனுக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. பிறகு வரும் புலம்பல் நீளமானது. மகனின் சுருண்ட முடி, கண், பேச்சு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அழுகிறான். சுபத்திரைக்கு என்ன பதில் சொல்வேன் என்கிறான். "அவனைப் பார்க்காவிட்டால் நான் யமனுலகம் போவேன்" என்பது அந்தப் புலம்பலில் பல்லவிபோல் திரும்பத் திரும்ப வருகிறது. கீதையை நேராகக் கண்ணன் வாயிலிருந்து கேட்டவன், கேட்டு இரண்டு வாரம் ஆகாதவன், இப்படி அழுகிறான்.

கண்ணன் அப்போது என்ன செய்கிறான்? 20-வது சுலோகத்தைத் திரும்பச் சொல்லவில்லை. புறமுதுகிடாத வீரர்கள் எல்லோருக்கும் இதுதான் வழி என்கிறான். நீ இப்படித் துவண்டால் உன் சகோதரர்களும் நண்பர்களும் இடிந்துபோகிறார்கள், அவர்களைத் தேற்று என்கிறான். "அறிய வேண்டியதை நீ அறிந்திருக்கிறாய்" என்று பழைய உபதேசத்துக்கு அரை வரியில் ஒரு சாடை, அவ்வளவுதான். அழுததற்காகக் கடிந்துகொள்ளவில்லை. உடனே அர்ஜுனன் கேட்பது, "என் மகன் எப்படிச் செத்தான், முழுவதும் சொல்லுங்கள்" என்பது. மகனையோ கணவனையோ விபத்தில் இழந்தவர்கள் என்னிடம் முதலில் பேச விரும்புவதும் இதையேதான். கடைசி நிமிடம் என்ன நடந்தது, வலித்திருக்குமா, யாராவது பக்கத்தில் இருந்தார்களா. வீட்டில் அதைக் கேட்டால் "அதையெல்லாம் இப்போது எதற்கு" என்று பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

பிறகு கண்ணன் தங்கை சுபத்திரையிடம் போகிறான். அவளுக்கும் இது க்ஷத்திரியனுக்கு ஏற்ற சாவு என்றுதான் ஆறுதல் சொல்கிறான். அவளுக்கு அது போதவில்லை, நெடுநேரம் அழுது மயங்கி விழுகிறாள். அப்போது தானும் துக்கத்தில் இருக்கும் கண்ணன் தண்ணீர் தெளித்து அவளைத் தெளிவிக்கிறான். கீதை சொன்னவனே துக்க வீட்டில் நடந்துகொண்ட விதம் இது.

இதை மனதில் வைத்துக்கொண்டு, என் அறையில் நான் செய்வது எளிமையானது. இந்தச் சுலோகம் பேச்சில் வந்தால் இரண்டு கேள்வி கேட்பேன். இதை முதலில் யார் சொன்னார்கள்? கேட்டபோது உங்களுக்கு என்ன தோன்றியது? தானே தேடிப் போய்ப் பிடித்துக்கொண்டவராக இருந்தால் அதில் நான் கை வைப்பதில்லை. "அப்பா எங்கேயோ இருக்கிறார் என்ற நினைப்பில் தூங்க முடிகிறது" என்று ஒருவர் சொன்னால் அது அவருக்கு உதவுகிறது, விஷயம் முடிந்தது. பிறர் சொல்லிக் கேட்டவர்களிடம் பெரும்பாலும் கோபம் இருக்கும், அல்லது குற்ற உணர்வு. மகனைப் பைக் விபத்தில் இழந்த ஒரு தாய், தான் அழுதால் அவன் ஆத்மா சாந்தியடையாது என்று மாமியார் சொன்னதால் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தார். உறவினரின் கண்ணீர் இறந்தவரைத் துன்புறுத்தும் என்பது தர்மசாஸ்திர நூல்களில் வரும் நம்பிக்கை, கீதையின் இந்தப் பகுதியில் அது இல்லை. 20-வது சுலோகத்தின்படி பார்த்தால், ஆயுதமே தொட முடியாத ஒன்றைக் கண்ணீர் என்ன செய்துவிடும்? அந்த அம்மாவிடம் துரோண பர்வக் கதையைச் சொன்னேன். "அர்ஜுனனே அழுதானா?" என்று கேட்டார். அடுத்த முறை கணவரையும் கூட்டிவந்து அந்தக் கதையைச் சொல்லச் சொன்னார்.

வீட்டில் மாட்டியிருக்கும் "எது நடந்ததோ, அது நன்றாகவே நடந்தது" என்ற கீதாசாரப் படத்தைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த வாசகம் கீதையின் 700 சுலோகங்களில் எங்கும் இல்லை. குழந்தையை இழந்தவர்களிடம் அதைச் சொல்லாதீர்கள்.

இனி, குடும்பத்தார் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று. துக்கத்தில் இருப்பவர் "ஆத்மாவுக்குத்தான் சாவில்லையே, உடம்புதானே போகும், நானும் அவரிடமே போய்விடுகிறேன்" என்கிற தொனியில் பேசினால் அதை வேதாந்தம் என்று விட்டுவிடாதீர்கள். அர்ஜுனனின் யமனுலகப் பல்லவி அதேதான். அன்று அவனைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். பொருட்களைப் பிரித்துக் கொடுப்பது, திடீரென்று மிகவும் அமைதியாகிவிடுவது, மாத்திரைகளைச் சேர்த்துவைப்பது ஆகியவை கூடச் சேர்ந்தால் அவரைத் தனியாக விடக்கூடாது. "சாகலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால், அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இந்தியாவில் டெலி மானஸ் உதவி எண் 14416 இரவு பகல் எந்த நேரமும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.

இந்த அவசரம் இல்லாத துக்கத்துக்கு நாள் கணக்கு வைத்து நெருக்க வேண்டாம். ஆறு மாதத்துக்கு மேலாகியும் ஒருவரால் சமைக்க, வேலைக்குப் போக, பிள்ளைகளைக் கவனிக்க முடியவில்லை, ஏக்கம் ஒரு நாளும் தணியவில்லை என்றால், அது நீடித்த துக்கம் என்ற தனி மனநல நிலையாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. அழாமல், சுலோகம் சொல்லிக்கொண்டு, எல்லா வேலையையும் தலையில் போட்டுக்கொண்டு ஓடுகிறவர்களையும் இந்தக் கணக்கில் பாருங்கள், அவர்களை யாரும் என்னிடம் அழைத்து வருவதில்லை.