சொல் விளக்கம்: கணினி கண்டறிகிறதா, சுட்டுகிறதா?

ஸ்கேன் படங்களில் சந்தேகமான இடத்தைக் குறித்துக் காட்டும் மென்பொருளுக்கு ஆங்கிலத்தில் 'கம்ப்யூட்டர் எய்டட் டிடெக்‌ஷன்' என்று பெயர். சுருக்கமாக கேட். இந்தச் சுருக்கத்தில் குழப்பம் அதிகம். பொறியாளருக்கு கேட் என்றால் கணினியில் வரையும் வடிவமைப்பு, இதய மருத்துவருக்கு இதயத் தமனி நோய். ஸ்கேன் அறைக்குள்ளேயே அதற்கு இரண்டு பொருள் உண்டு. 'டிடெக்‌ஷன்' என்றால் சுருக்கத்தின் கடைசியில் ஒரு 'ஈ' சேர்ப்பார்கள், 'டயக்னோசிஸ்' என்றால் 'எக்ஸ்'. முதல் வகை 'இங்கே பாருங்கள்' என்பதோடு நிறுத்திக்கொள்ளும். இரண்டாவது வகை, காட்டிய இடத்தில் இருப்பது புற்றா சாதாரணக் கட்டியா என்று மதிப்பிடவும் முயலும்.

தமிழில் முதல் வகையைப் பெரும்பாலும் 'கணினி உதவியுடன் கண்டறிதல்' என்று எழுதுகிறோம். என் சண்டை இந்தக் 'கண்டறிதல்' மீதுதான்.

'டிடெக்ட்' லத்தீனிலிருந்து வந்தது. 'டெ' என்றால் நீக்கு, 'டெகெரே' என்றால் மூடு. மூடியை எடுப்பது, அவ்வளவுதான். 'டயக்னோசிஸ்' கிரேக்கச் சொல், பிரித்து அறிவது என்று பொருள். ஆங்கிலத்தில் இவை இரண்டு தனி வேலைகள். 'கண்டறிதல்' என்ற நம் சொல்லிலோ இரண்டு வேலையும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன: காண்பதும் அறிவதும். கருவி முதல் பாதியைக்கூட அரைகுறையாகத்தான் செய்கிறது. நாம் இரண்டாம் பாதியையும் சேர்த்து அதன் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

இதற்கு ஏற்ற சொல் 'சுட்டல்' என்பது என் கருத்து. சுட்டுவிரலும் சுட்டெழுத்தும் அந்த வேரிலிருந்து வந்தவை. 'அ, இ, உ' இடத்தைச் சொல்லுமே தவிர, அங்கே இருப்பது என்ன என்று சொல்லாது. 'அதோ' என்று ஒருவர் கைநீட்டினால் என்ன செய்வோம்? திரும்பிப் பார்ப்போம். அது பாம்பா கயிறா என்று முடிவு செய்வது நம் வேலை. ஆகவே 'ஈ' வகை 'கணினித்துணைச் சுட்டல்', 'எக்ஸ்' வகை 'கணினித்துணை நோயறிதல்'.

வெறும் சொல் சண்டை என்று நினைக்க வேண்டாம். மார்பகத்தை எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராமை எடுத்துக்கொள்வோம். இத்தகைய கருவிக்கு அமெரிக்காவில் 1998-ல் முதல் அனுமதி கிடைத்தது இந்தப் பரிசோதனைக்குத்தான். மனிதர் சொல்லித் தந்த விதிகளின்படி அந்தக் கருவிகள் வேலை செய்தன: வெள்ளைப் புள்ளிகள் கூட்டமாக இருந்தால் ஒரு குறி, நட்சத்திரம்போல் கோடுகள் பரவிய கட்டி தெரிந்தால் வேறொரு குறி. ஒரு பெண்ணுக்கு நான்கு படம் எடுப்பார்கள். நோயில்லாத ஒருவரின் நான்கு படங்களில் சராசரியாக இரண்டு குறியாவது விழும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அறிகுறி எதுவும் இல்லாமல் வழக்கமான பரிசோதனைக்கு வரும் 1000 பெண்களில் ஐந்து பேருக்குப் புற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விழும் குறிகள் சுமார் 2000. ஐந்து கட்டியும் இரண்டிரண்டு படங்களில் சரியாகக் குறிக்கப்பட்டாலும் உண்மைக் குறி 10-தான். 200 முறை 'அதோ' என்று கத்தும் ஒருவர் ஒரே ஒரு முறைதான் சரியாகச் சொல்கிறார். மற்ற 199-ஐயும் பார்த்துத் தள்ளுவது மருத்துவரின் பாடு. எல்லாவற்றையும் தள்ள அவருக்கு மனம் வராது. 2007-ல் அமெரிக்காவில் 43 மையங்களை வைத்து வந்த ஆய்வில், கருவி வந்த இடங்களில் திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி ஏறக்குறைய 20 சதவீதம் கூடியிருந்தது. பிடிபட்ட புற்றுகளின் எண்ணிக்கையிலோ குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை. 2015-ல் வந்த இன்னும் பெரிய ஆய்விலும் கருவியால் ஆதாயம் தெரியவில்லை.

அப்புறம் வந்தது 'டீப் லேர்னிங்'. 'ஆழ்கற்றல்' என்று மொழிபெயர்த்தோம், ஆழ்ந்து படித்த பண்டிதர்போல ஒரு தோற்றம் வந்துவிட்டது. இங்கே 'ஆழம்' என்பது கணக்கீட்டு அடுக்குகளின் எண்ணிக்கை. அடுக்குகள் நிறைய, அவ்வளவுதான். 'அடுக்குக் கற்றல்' என்றிருந்தால் இந்த மயக்கம் வந்திருக்காது. இதில் யாரும் விதி எழுதித் தருவதில்லை. 'இதில் நோய் உண்டு, இதில் இல்லை' என்று குறித்த படங்களை ஆயிரக்கணக்கில் காட்டினால், வேறுபாட்டைக் கருவியே தேடிக்கொள்ளும்.

எதைத் தேடிக்கொண்டது என்பதுதான் சிக்கல். நுரையீரலுக்கு வெளியே நெஞ்சறைக்குள் காற்று புகுந்துவிட்டால், அதை வெளியேற்ற ஒரு குழாய் செருகுவார்கள். பயிற்சிக்கான எக்ஸ்ரே தொகுப்புகளில் 'காற்று உண்டு' என்று குறிக்கப்பட்ட பல படங்களில் அந்தக் குழாயும் தெரியும். கருவி காற்றின் மெல்லிய விளிம்பை விட்டுவிட்டுக் குழாயைப் பிடித்துக்கொண்டது. மொத்த மதிப்பெண் நன்றாகவே இருந்தது. குழாய் உள்ள படங்களைத் தனியாகவும் இல்லாத படங்களைத் தனியாகவும் பிரித்துச் சோதித்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. குழாய் இல்லாத நோயாளி என்றால் இன்னும் சிகிச்சை தொடங்காதவர், கருவி உதவ வேண்டியவரே அவர்தான். அவரிடம்தான் அது அதிகம் சறுக்கியது. யாராவது ஒரே ஒரு துல்லிய எண்ணைக் காட்டினால், எந்த வகை நோயாளிகளிடம் எவ்வளவு என்று பிரித்துக் கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

புதிய கருவிகள் பழையவற்றைவிட எவ்வளவோ மேல், அதை மறுக்க முடியாது. சுவீடனில் 80,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2023-ல் வந்தது. கருவி துணைநின்ற பிரிவில் புற்றுகள் குறையாமல் பிடிபட்டன, படம் பார்க்கும் வேலைப்பளு 44 சதவீதம் குறைந்தது. ஆனால் அங்கே கருவி முதலில் செய்தது, எந்தப் படத்தை ஒரு மருத்துவர் பார்த்தால் போதும், எதை இருவர் பார்க்க வேண்டும் என்று பிரித்ததுதான். எல்லாப் படத்தையும் மனிதர் பார்த்தார்கள்.

சரி, மனிதர் பார்க்கிறாரே, கருவி தவறினால் பிடித்துவிட மாட்டாரா? அதே 2023-ல் 27 மருத்துவர்களிடம் 50 மேமோகிராம்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். கூடவே கணினியின் மதிப்பீடு என்று சொல்லி ஒரு மதிப்பீடும் தரப்பட்டது. சில படங்களில் அது வேண்டுமென்றே தவறாக வைக்கப்பட்டிருந்தது. அனுபவம் குறைந்தவர்கள், மதிப்பீடு சரியாக இருந்த படங்களில் 100-க்கு 80 அளவில் சரியாகச் சொன்னார்கள். தவறாக இருந்த படங்களில் அது 20 ஆகச் சரிந்தது. நல்ல அனுபவசாலிகளே 82-லிருந்து 45 அளவுக்கு இறங்கினார்கள்.

'எய்டட்' என்ற சொல்லுக்கு உரிய இடம் இதுதான். மேமோகிராம் கருவிகள் தொடக்கத்தில் 'இரண்டாம் பார்வை' என்ற முறைக்காகவே வந்தன. மருத்துவர் முதலில் படத்தைத் தனியாகப் பார்த்து முடிவை மனத்தில் நிறுத்த வேண்டும். பிறகுதான் பொத்தானை அழுத்திக் குறிகளை வரவழைக்க வேண்டும். குறி விழுந்த இடத்தை மீண்டும் பார்க்கலாம். ஆனால் தான் சந்தேகப்பட்ட இடத்தில் குறி விழவில்லை என்பதற்காகச் சந்தேகத்தைக் கைவிடக் கூடாது. அவசரத்தில் முதலிலேயே குறிகளை வரவழைத்துவிட்டால் கண் அங்கேயே போய் நின்றுவிடும், மற்ற இடங்கள் பார்வையிலிருந்து நழுவும்.

ஓர் அறிக்கையில் 'கணினி எதையும் கண்டறியவில்லை' என்று எழுதியிருந்தால், ஒன்றும் இல்லை என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். 'கணினி எந்த இடத்தையும் சுட்டவில்லை' என்று எழுதியிருந்தால், 'மருத்துவர் என்ன பார்த்தார்?' என்று அடுத்த வரியைத் தேடுவார்.