பாஸ்பரஸ்-32 சிந்தினால்: தோலையும் மேசையையும் தூய்மைப்படுத்தும் முறை

இந்தியாவில் கதிரியக்க ஐசோடோப்புகளைக் கையாளும் ஆய்வகங்கள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் மேற்பார்வையில் இயங்குகின்றன. 2004ஆம் ஆண்டின் அணுசக்தி (கதிர்வீச்சுப் பாதுகாப்பு) விதிகள் கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலரை நியமிக்கும் பொறுப்பை நிறுவனத்திடமும், விபத்து நேர்ந்தால் தெரிவிக்கும் பொறுப்பைப் பணியாளரிடமும் ஒப்படைத்துள்ளன. ஆகவே சில துளிகள் சிந்தினாலும் அதை மறைக்காமல் அலுவலரிடம் சொல்லிவிட வேண்டும். கதிர்வீச்சை அளக்கும் மீட்டரும் துடைப்புத் தாளும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்று நிறுவனத்தை வற்புறுத்துவதும் முறையானதே.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். உயிரியல் ஆய்வகம் ஒன்றில் பாஸ்பரஸ்-32 கொண்ட கரைசலில் 50 மைக்ரோலிட்டர், அதாவது 185 கிலோபெக்கெரல், மேசையில் சிந்துகிறது. ஒரு சிறு தெறிப்பு கையுறைக்கு மேலே மணிக்கட்டில் விழுகிறது. மேசையில்தான் கதிரியக்கம் மிகுதி என்றாலும், முதலில் கவனிக்க வேண்டியது மணிக்கட்டைத்தான். இந்த ஐசோடோப்பின் பீட்டா துகள்கள் ஆற்றல் மிக்கவை. ஒரு சதுர சென்டிமீட்டர் தோலில் 1 கிலோபெக்கெரல் படிந்தால், அங்கே மணிக்குச் சுமார் 2 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு அளவு சேர்கிறது. தெறித்தது 3 கிலோபெக்கெரல் என்றால் மணிக்கு 6 மில்லிசீவர்ட். தோலுக்கான ஆண்டு வரம்பு 500 மில்லிசீவர்ட் என்பதால் பதற வேண்டியதில்லை. ஆனால் இரவு முழுவதும் கவனியாமல் விட்டுவிடலாகாது.

சிந்தியவர் அருகிலிருப்போரை எச்சரித்து, உறிஞ்சும் தாளைத் திரவத்தின் மேல் மூடி, இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். காலணியில் மாசு ஒட்டியிருக்கக்கூடும் என்பதால், அதைச் சோதிக்கும் முன் நடந்து செல்வது சிந்தலை அறை முழுவதும் பரப்பிவிடும். மற்றொருவர் மீட்டரைக் கொண்டுவர, கையுறையையும் மேலங்கியையும் உட்புறம் வெளியே வருமாறு கழற்றிப் பையிலிட வேண்டும்.

கழுவுவதற்கு முன் மணிக்கட்டின் அளவீட்டைக் குறித்துக்கொள்வது அவசியம்; கழுவியதால் எவ்வளவு குறைந்தது என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும். பிறகு வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் கொண்டு இரண்டு மூன்று நிமிடம் மெல்லத் தேய்த்துக் கழுவி, ஒற்றி உலர்த்தி, மீண்டும் அளக்க வேண்டும். வெந்நீர் தோலின் இரத்த ஓட்டத்தைக் கூட்டும்; தூரிகையோ கரைப்பானோ தோலின் மேலடுக்கைச் சிதைத்து மாசு உள்ளே செல்ல வழி செய்யும். நமது எடுத்துக்காட்டில் பின்னணி அளவீடு விநாடிக்கு 1 எண்ணிக்கை. மணிக்கட்டின் நிகர அளவீடு 600இலிருந்து 90, பின் 14, பின் 12 என்று இறங்குகிறது. கடைசி இரண்டும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் மேலும் கழுவுவதில் பயனில்லை. தோல் சிவந்தாலும் அங்கே நிறுத்திவிட வேண்டும். தொடக்கத்தில் இருந்த 600 என்பது 3 கிலோபெக்கெரலைக் குறிப்பதால், எஞ்சியது சுமார் 60 பெக்கெரல். தோல் சிறிதும் உதிராமல் அது முழுவதும் அங்கேயே சிதைந்தாலும் மொத்த அளவு ஏறக்குறைய 60 மில்லிசீவர்ட்தான். இந்தக் கணக்கை அலுவலர் பதிவேட்டில் எழுதிவைப்பார். தோலில் காயம் இருந்தால் நிறைய நீரால் கழுவிக்கொண்டே அலுவலரையும் மருத்துவரையும் உடனே அழைக்க வேண்டும்.

அடுத்து மேசை. மாசுப் பகுதியின் எல்லையை மீட்டரால் கண்டறிந்து கோடிட்டு, புதிய கையுறை அணிந்து, சோப்பு நீரில் நனைத்த தாளால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடைக்க வேண்டும். ஒவ்வொரு தாளையும் ஒரே முறை பயன்படுத்திக் கதிரியக்கக் கழிவுப் பையில் இடவேண்டும். முன்னும் பின்னும் தேய்ப்பதுதான் மிகச் சாதாரணமாக நேரும் பிழை. அது துளியைப் பரந்த கறையாக்கிவிடும்.

மீட்டரின் உணரியைப் பரப்பிலிருந்து 1 சென்டிமீட்டர் உயரத்தில், தொடாமல், மெதுவாக நகர்த்த வேண்டும். எதிர்பாராமல் அளவீடு உயர்ந்தால், அருகில் மூலக் குப்பி நிற்கிறதா என்பதையும் உணரியிலேயே மாசு ஒட்டியிருக்கிறதா என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். துடைத்த பிறகும் அளவீடு இறங்காவிட்டால், துடைப்புச் சோதனைதான் விடை தரும்: 100 சதுர சென்டிமீட்டர் பரப்பை வடிதாளால் துடைத்து மினுக்கொளி எண்ணியில் அளக்க வேண்டும். தாளில் நிகரமாக நிமிடத்துக்கு 240 எண்ணிக்கை வந்தால் அது ஏறத்தாழ 4 பெக்கெரல். தாள் பத்தில் ஒரு பங்கையே எடுக்கிறது என்று கொண்டால், பரப்பில் சதுர சென்டிமீட்டருக்கு 0.4 பெக்கெரல் பெயரக்கூடிய மாசு உள்ளது. உங்கள் ஆய்வகத்துக்கு ஏற்கப்பட்ட வரம்புடன் இதை ஒப்பிட வேண்டும்.

தாளில் ஒன்றும் வராமல் மீட்டர் மட்டும் காட்டினால், மாசு பரப்போடு பிணைந்துவிட்டது என்று பொருள். அப்போது சுரண்டாமல், 1 சென்டிமீட்டர் அக்ரிலிக் தகட்டால் மூடி, ஐசோடோப்பின் பெயரும் தேதியும் எழுதி விட்டுவிடலாம். அரை ஆயுள் 14.3 நாள் என்பதால் 143 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். டிரிட்டியம் சிந்திய இடத்தில் இதே மீட்டர் பயன்படாது, ஏனெனில் அதன் பீட்டா துகள்கள் உணரியின் சாளரத்தைக் கடப்பதில்லை; அங்கே துடைப்புச் சோதனையை மட்டுமே நம்ப வேண்டும்.

குழாய்ப் பிடி, கதவுப் பிடி, துடைத்தவரின் கைகள், காலணிகள் ஆகியவற்றையும் அளந்து, முன்னும் பின்னுமான எண்களைப் பதிவேட்டில் எழுதி, அலுவலர் கையொப்பமிட்ட பிறகே அந்த மேசையை மீண்டும் பயன்படுத்தலாம்.