டிசம்பர் 31-க்குப் பிறகு உங்கள் ஈ.எல். என்ன ஆகும்?

"எடுக்காத லீவு எல்லாம் ஆண்டு முடிவில் லாப்ஸ் ஆகிவிடும்" என்று பல நிறுவனங்கள் டிசம்பரில் சுற்றறிக்கை அனுப்புகின்றன. தற்செயல் விடுப்புக்கு, அதாவது சி.எல்.லுக்கு, அது பெரும்பாலும் சரி. சம்பளத்துடன் கூடிய ஈட்டிய விடுப்புக்கு, அதாவது ஈ.எல்.லுக்கு, அப்படி ஒரு சுற்றறிக்கை போதாது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பின் 32-ஆம் பிரிவுதான் இதற்கு அடிப்படை. ஓர் ஆண்டில் 180 நாள் வேலை செய்திருந்தால், 20 நாள் வேலைக்கு ஒரு நாள் விடுப்பு. (பழைய தொழிற்சாலைகள் சட்டத்தில் 240 நாள் தேவைப்பட்டது.) அடுத்த ஆண்டுக்கு 30 நாள் வரை கொண்டுபோகலாம். அதற்கு மேல் இருப்பதைக் காசாக்கிக்கொள்ளும் உரிமை தொழிலாளிக்கு உண்டு.

ஒரு தொழிற்சாலைத் தொழிலாளியின் கணக்கைப் பாருங்கள். போன ஆண்டிலிருந்து வந்தது 24 நாள். இந்த ஆண்டு 280 நாள் வேலை, அதற்கு 14 நாள். எடுத்தது 4. கையிருப்பு 34. இதில் 30 அடுத்த ஆண்டுக்குப் போகும், மீதி 4 நாளுக்குப் பணம் கேட்கலாம்.

இதே ஆள் நவம்பரில் 6 நாள் லீவு கேட்டு நிர்வாகம் மறுத்திருந்தால் கணக்கு மாறும். கேட்டும் கிடைக்காத விடுப்புக்கு 30 என்ற வரம்பே கிடையாது. 34 நாளையும் அப்படியே கொண்டுபோகலாம். ஆனால் மறுத்ததற்கு ஆதாரம் வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். "இப்போ வேலை அதிகம், அப்ளிகேஷனை நீங்களே கேன்சல் பண்ணிடுங்க" என்று மேலாளர் சொல்வார். நீங்கள் கேன்சல் செய்துவிட்டால், மறுத்ததாகப் பதிவே இருக்காது. அவரே ரிஜெக்ட் செய்யட்டும். அந்தத் திரையைப் படமெடுத்து வையுங்கள்.

ஆண்டு முடிவில் காசாக்குவது தொழிலாளி கேட்டால்தான். எனவே மின்னஞ்சலிலாவது எழுத்தில் கேளுங்கள். வேலையை விட்டு நின்றால் கதை வேறு: ராஜினாமாவோ பணிநீக்கமோ, மீதமுள்ள விடுப்புக்கான சம்பளத்தை இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் தந்தாக வேண்டும். ஓய்வு அல்லது இறப்பு என்றால் இரண்டு மாதத்துக்குள். 180 நாள் நிறையாமல் நின்றாலும், வேலை செய்த நாட்களுக்கு உரிய விடுப்புக்குப் பணம் உண்டு.

தொகையையும் சரிபாருங்கள். அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்கிடுவது வழக்கமான தவறு. வீட்டு வாடகைப்படி போன்ற படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் சம்பளமாகவே கருதப்படும். மொத்தம் 30,000 ரூபாய், அடிப்படை 10,000, மீதி படிகள் என்றால், கணக்கு 15,000-இல் தொடங்க வேண்டும்.

இவை 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடங்களில் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருபவர்களுக்கு. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் அதற்குள் வரமாட்டார்கள். அவர்கள் முதலில் புரட்ட வேண்டியது தங்கள் பணி நியமன ஆணையை.