எஸ்.டபிள்யூ.பி. தொகையில் முதல் எவ்வளவு, ஆதாயம் எவ்வளவு?

மியூச்சுவல் ஃபண்டிலிருந்து மாதந்தோறும் குறிப்பிட்ட தொகையை எடுக்கும் எஸ்.டபிள்யூ.பி. முறையில், வங்கிக் கணக்கில் வந்து சேரும் தொகை முழுவதும் வருமானம் அல்ல. ஒவ்வொரு மாதமும் அத்தொகைக்கு ஈடான யூனிட்கள் விற்கப்படுகின்றன. விற்ற யூனிட்களை வாங்கிய விலை போக மீதமுள்ள ஆதாயத்துக்கு மட்டுமே வரி உண்டு. போட்ட முதல் முழுவதும் திரும்பி வரும்வரை வரியே இல்லை என்று சிலர் எண்ணுகிறார்கள். அதுவும் சரியன்று, ஏனெனில் முதலும் ஆதாயமும் முதல் தவணையிலிருந்தே கலந்து வருகின்றன.

ஓய்வுபெற்ற ஒருவர், ஒரு யூனிட்டின் விலையான என்.ஏ.வி. 40 ரூபாயாக இருந்தபோது ஒரு பங்குசார் ஃபண்டில் 10 லட்சம் ரூபாயை மொத்தமாகப் போட்டு 25,000 யூனிட்கள் வாங்கினார் என்று கொள்வோம். ஓராண்டு கடந்த பின், என்.ஏ.வி. 50 ரூபாயாக இருக்கையில் அவர் 10,000 ரூபாய் எடுத்தால் 200 யூனிட்கள் விற்கப்படும். அவற்றின் கொள்முதல் விலை 8,000 ரூபாய். எனவே ஆதாயம் 2,000 ரூபாய் மட்டுமே. பின்னாளில் என்.ஏ.வி. 80 ரூபாயானால், அதே 10,000 ரூபாய்க்கு 125 யூனிட்கள் போதும். அதில் முதல் 5,000, ஆதாயம் 5,000. கைக்கு வரும் தொகை மாறாவிட்டாலும், ஃபண்ட் வளர வளர அதில் ஆதாயத்தின் பங்கு கூடிக்கொண்டே போகும். மாறாக, என்.ஏ.வி. 32 ரூபாயாகச் சரிந்தால் 12,500 ரூபாய்க்கு வாங்கிய 312.5 யூனிட்கள் விற்கப்பட்டு, 2,500 ரூபாய் மூலதன நட்டம் ஏற்படும். அந்த நட்டத்தை உரிய தேதிக்குள் வருமான வரிக் கணக்கில் காட்டினால்தான் அடுத்த ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்ல முடியும்; பலர் கவனிக்காமல் இழந்துவிடும் உரிமை இது.

பங்குசார் ஃபண்டில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்ற யூனிட்களின் ஆதாயம் நீண்ட கால ஆதாயமாகும். 2024 ஜூலை 23 முதல் உள்ள விதிப்படி, ஒரு நிதியாண்டில் இத்தகைய ஆதாயத்தில் 1.25 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். 12 மாதங்களுக்குள் விற்றால் 20 சதவீத வரி உண்டு. நம் எடுத்துக்காட்டில் என்.ஏ.வி. ஆண்டு முழுதும் 50 ரூபாயை ஒட்டியே இருந்தால், 1,20,000 ரூபாய் எடுத்தும் ஆதாயம் 24,000 ரூபாய்தான். வேறு பங்கு ஆதாயங்கள் இல்லாத நிலையில் வரி ஏதும் வராது.

2023 ஏப்ரல் 1 முதல் வாங்கிய, கடன் பத்திரங்களில் முதலிடும் கடன் ஃபண்ட் யூனிட்களுக்கு இச்சலுகை இல்லை. எத்தனை ஆண்டுகள் வைத்திருந்தாலும், அதே 24,000 ரூபாய் ஆதாயம் இத்தகைய கடன் ஃபண்டில் கிடைத்திருந்தால், அது முழுவதும் மற்ற வருமானத்துடன் சேர்ந்து அவரவர் வரி அடுக்கின்படி வரிக்குள்ளாகும்.

மாதந்தோறும் தவணையாகப் பணம் போடும் எஸ்.ஐ.பி. மூலம் சேர்த்த பங்குசார் ஃபண்டில், முதலில் வாங்கிய யூனிட்களே முதலில் விற்கப்பட்டதாகக் கணக்கிடப்படும். ஒவ்வொரு தவணைக்கும் 12 மாதக் கணக்கு தனித்தனி என்பதால், பழைய யூனிட்கள் தீர்ந்ததும் ஓராண்டு நிறையாத யூனிட்கள் விற்பனைக்கு வந்து 20 சதவீத வரியில் சிக்கக்கூடும். எந்த யூனிட் என்று வாங்கப்பட்டது, எந்த விலைக்கு விற்றது என்ற விவரத்தை, கேம்ஸ் அல்லது கேஃபின்டெக் பதிவாளரிடம் பெறும் மூலதன ஆதாய அறிக்கையில் வரிவரியாகப் பார்க்கலாம்.