83 பைசா வட்டியா, 14 சதவீதமா: எது மலிவு?

கடன் வாங்கும் முன் கணக்கைச் சரிபார்க்க எங்கள் தணிக்கை அலுவலகத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் கேட்கிற முதல் கேள்வி, "சார், எத்தனை பைசா வட்டி விழும்?" என்பதுதான். நம் ஊரில் கைமாற்றுக் கடனை அப்படித்தான் பேசிப் பழகியிருக்கிறோம், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் ஆண்டுக்கு 12 சதவீதம். அந்தக் கணக்கில் தப்பே இல்லை, ஏனென்றால் அங்கே மாதாமாதம் வட்டியை மட்டும்தான் கொடுக்கிறோம், அசல் முழுக்க நம் கையிலேயே இருக்கிறது. அதே பைசா கணக்கை மாதத் தவணைக் கடனுக்குக் கொண்டுவரும்போதுதான் ஏமாந்து போகிறோம்.

சமீபத்தில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக 2 லட்சம் தனிநபர் கடன் தேடிய ஒருவர் வந்தார். ஒரு நிதி நிறுவனத்தில் 10 சதவீதம், அதாவது நூற்றுக்கு மாதம் 83 பைசா, பிளாட் ரேட், 3 வருடம். ஒரு வங்கியில் 14 சதவீதம், ரெட்யூசிங் பேலன்ஸ், அதே 3 வருடம். "83 பைசாவுக்குக் கிடைக்கிறப்ப நான் எதுக்கு சார் ஒரு ரூபாய்க்கு மேல கட்டணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

பிளாட் ரேட்டில் வட்டியை முதல் நாளே முழுத் தொகைக்கும் முழுக் காலத்துக்கும் போட்டுவிடுவார்கள். 2 லட்சத்துக்கு வருடம் 20,000, மூன்று வருடத்துக்கு 60,000. மொத்தம் 2,60,000, அதை 36-ஆல் வகுத்தால் தவணை 7,222 ரூபாய்.

ரெட்யூசிங் பேலன்ஸில் அந்தந்த மாதம் பாக்கி நிற்கிற அசலுக்கு மட்டும்தான் வட்டி. 14 சதவீதத்தில் தவணை 6,836 ரூபாய் வரும். முதல் மாதம் அதில் 2,333 வட்டி, மீதி 4,503 அசலில் கழிகிறது, அதனால் அடுத்த மாதம் வட்டி 2,281 ஆகக் குறைகிறது, இப்படியே இறங்கிக் கடைசி மாதம் வெறும் 79 ரூபாயில் வந்து நிற்கும். மூன்று வருடத்துக்கும் சேர்த்து வட்டி சுமார் 46,000. ஆக, 10 சதவீதம் என்று சொல்லப்பட்ட கடன்தான் 14 சதவீதக் கடனைவிட கிட்டத்தட்ட 14,000 ரூபாய் அதிகம்!

நம்ப முடியாவிட்டால் பிளாட் கடனின் கடைசி மாதத்தை மட்டும் பாருங்கள். சம பங்காகப் பிரித்தால் ஒவ்வொரு தவணையிலும் 5,556 அசல், 1,667 வட்டி. கடைசி மாதம் உங்களிடம் பாக்கி இருக்கும் அசலே 5,556 தான், ஆனால் அந்த ஒரு மாதத்துக்கு வட்டி 1,667. பைசாவில் சொன்னால் நூற்றுக்கு 30 ரூபாய் வட்டி.

அப்படியானால் இந்தக் கடனின் உண்மையான வட்டி எவ்வளவு? எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸில் இதை அடித்தால் போதும்:

```
=RATE(36,-7222,200000)*12
```

விடை 0.179, அதாவது சுமார் 17.9 சதவீதம். மனக்கணக்காகப் பார்க்க வேண்டுமென்றால், ஒன்று முதல் ஐந்து வருடத் தவணைக் கடன்களில் பிளாட் வட்டியை ஒன்றே முக்கால் மடங்காக்கினால் ஏறக்குறைய சரியாக வரும். அப்புறம் பிராசசிங் ஃபீஸ். அந்த நிறுவனம் 2 சதவீதம், அதன் மேல் ஜி.எஸ்.டி. என 4,720 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 1,95,280 தான் கையில் தரும். மேலே உள்ள சூத்திரத்தில் 200000 இருக்கிற இடத்தில் இந்தத் தொகையைப் போட்டால் வட்டி 19.6 சதவீதத்தைத் தாண்டுகிறது. வங்கியும் கட்டணம் பிடிக்கும் என்பதால் இரண்டுக்கும் இப்படிப் போட்டுப் பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

இதையெல்லாம் நீங்களே கணக்குப் போடாமலும் தெரிந்துகொள்ளலாம். 2024 அக்டோபர் 1 முதல், புதிதாகக் கொடுக்கும் தனிநபர் கடன்களுக்கு வங்கிகளும் நிதி நிறுவனங்களும் 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்' என்ற தாளைக் கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் கட்டாயம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அதில் ஏ.பி.ஆர். என்று ஒரு சதவீதம் இருக்கும். வட்டி, கட்டணங்கள் எல்லாம் சேர்ந்த ஆண்டுச் செலவு அது. இரண்டு கடனை ஒப்பிட அந்த ஒரு எண்ணைத்தான் பார்க்க வேண்டும். வாய்மொழியாகச் சொல்வதைக் கேட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள், தாளை வீட்டுக்கு எடுத்துவந்து படிக்க உங்களுக்குக் குறைந்தது மூன்று வேலை நாட்கள் உண்டு.

அதே தாளோடு தவணை அட்டவணையும் வரும். பாதியில் கடனை முடிக்கும் எண்ணம் இருந்தால் அதில் 12-ஆவது மாத வரிசையை அவசியம் பாருங்கள். இந்த 7,222 ரூபாய் தவணையில் ஒரு வருடம் கட்டி முடித்தவர், மூன்றில் ஒரு பங்கு அசல் கழிந்து 1,33,000 தான் பாக்கி என்று நினைப்பார். ஆனால் 17.9 சதவீதத்தில் போட்ட அட்டவணைப்படி பாக்கி சுமார் 1,44,800 இருக்கும், ஏனென்றால் மொத்த வட்டி 60,000-இல் பாதிக்கு மேல் முதல் வருடத்திலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. அதற்கு மேல் ஃபோர்க்ளோஷர் கட்டணம் எவ்வளவு என்பதும் அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும், அதில் சொல்லாத கட்டணத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் பிற்பாடு வசூலிக்க முடியாது.